மேல் உதட்டில் கருநிழல்: முடியா, நிறமா, க்ரீம் வேலையா? எடுப்பதற்கு முன் கண்டுபிடிப்பது எப்படி?

காலை எட்டரை மணி. பீன்யா மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கி ஷேர் ஆட்டோவுக்கு நிற்கிறீர்கள். போன் கேமராவில் முகத்தைப் பார்த்தால் மேல் உதட்டுக்கு மேலே மெல்லிசாக ஒரு சாம்பல் நிறப் பட்டை. போன வாரம்தான் த்ரெட்டிங் செய்தீர்கள். அப்புறமும் ஏன் இருக்கிறது? பார்லர் அக்கா "ப்ளீச் போட்டுடலாம்மா" என்கிறார். ஹாஸ்டல் தோழி ஒரு ட்யூப் க்ரீமின் பெயரை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். இன்ஸ்டாகிராம் விளம்பரம் "லேசர், ஆறே சிட்டிங்" என்கிறது.

மூன்றுமே உங்களுக்குத் தவறான பதிலாக இருக்கலாம். அந்த நிழல் எதனால் வந்தது என்பதை யாருமே கேட்கவில்லை.

ஒரே நிழல், மூன்று காரணங்கள்

முதல் காரணம் முடி. தோலுக்கு வெளியே தெரிவது மட்டும் முடி இல்லை. தோலுக்குள் புதைந்திருக்கும் கருப்பு வேரும் மேலிருந்து பார்த்தால் சாம்பல் அல்லது நீலம் கலந்த நிழலாகத் தெரியும். ஷேவ் செய்த ஆண்களின் தாடைப் பகுதி வழவழப்பாக இருந்தும் பச்சையாகத் தெரிகிறதே, அதே கதைதான்.

இரண்டாவது மெலாஸ்மா, அதாவது மங்கு. தோலின் நிறமி செல்கள் தேவைக்கு அதிகமாக மெலனின் சுரப்பதால் வரும் பழுப்புத் திட்டு. பெரும்பாலும் கன்னம், நெற்றி, மூக்கோடு சேர்ந்து மேல் உதட்டிலும் வரும். சில நேரம் உதட்டின் மேல் மட்டும் வந்து, மீசை போலவே ஏமாற்றும். வெயில், கர்ப்பம், கருத்தடை மாத்திரை, குடும்ப வாகு ஆகியவை இதைத் தூண்டும்.

மூன்றாவது, காயத்தின் தழும்பு நிறம். நம் ஊர்த் தோல் சின்ன எரிச்சலைக்கூட மறக்காது. கொசுக்கடி ஆறிய பிறகும் கருப்புப் புள்ளி மாதக்கணக்கில் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். த்ரெட்டிங்கில் நூல் தோலைக் கிள்ளினாலோ, வேக்ஸ் சூடாக இருந்தாலோ, ப்ளீச் எரித்தாலோ அதேதான் நடக்கும்.

எது உங்களுடையது என்று கண்டுபிடிக்க வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. த்ரெட்டிங் முடியை வேரோடு பிடுங்கும். அது முடிந்து மூன்று நாள் கழித்து, சிவப்பெல்லாம் அடங்கிய பிறகு, பகல் வெளிச்சத்தில் ஜன்னல் பக்கம் நின்று ஒரு போட்டோ எடுங்கள். பாத்ரூம் ட்யூப்லைட் வேண்டாம், அது எல்லாருக்கும் மீசை போட்டுவிடும். நிழல் போய்விட்டு, இரண்டு மூன்று வாரத்தில் மெதுவாகத் திரும்புகிறது என்றால் அது முடி. முடி போன பிறகும் நிழல் அப்படியே இருந்தால் அது நிறம். ஒவ்வொரு த்ரெட்டிங்குக்குப் பிறகும் முன்பைவிடக் கருக்கிறது என்றால் த்ரெட்டிங்கே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். ரேஸர் போட்டுவிட்டு இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். ரேஸர் மேலே இருப்பதை மட்டும்தான் வெட்டும், வேர் உள்ளேயே இருக்கும்.

பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும். ஆனால் எது அதிகம் என்று தெரிந்தாலே பாதி முடிவு எடுத்தாயிற்று. முடிக்கு நிறம் குறைக்கும் க்ரீம் தடவினால் பயன் இல்லை. மங்குக்கு லேசர் முடிநீக்கம் செய்தால், அந்தச் சூடே மங்கை இன்னும் கருக்க வைக்கலாம்.

ரேவதியின் ஒன்றரை வருஷம்

ரேவதி என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். கற்பனைப் பெயர்தான், ஆனால் இப்படிப்பட்ட கதை தோல் மருத்துவர்களுக்குப் பழக்கமானது. 28 வயது, சொந்த ஊர் தர்மபுரி. பீன்யா இரண்டாவது ஸ்டேஜில் சிஎன்சி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஜினியர். தினமும் ஸ்கூட்டியில் போய் வருகிறார். பெங்களூரு 'கூல்' ஆன ஊர்தானே என்று சன்ஸ்க்ரீன் பக்கம் போனதில்லை. இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றுதான் குளிர்ச்சி, வெயிலின் புற ஊதாக் கதிருக்கு அந்தக் குளிர்ச்சி தெரியாது.

நான்கு வருஷமாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை த்ரெட்டிங். கடைசி ஒரு வருஷமாக முடி போன பிறகும் பழுப்பு நிறம் தங்குகிறது. பார்லரில் ப்ளீச் போட்டார்கள். ப்ளீச்சில் இருப்பது ஹைட்ரஜன் பெராக்ஸைடும் அம்மோனியாவும். அது முடியின் நிறத்தை எடுக்கும் வேலைக்கானது, தோலின் திட்டை எடுக்கும் வேலைக்கு இல்லை. கருப்பு முடி பொன்னிறமானது, அடியில் இருந்த பழுப்பு அப்படியே இருந்தது. இரண்டாவது முறை எரிந்தது. "கொஞ்சம் எரியத்தான் செய்யும்" என்று சொல்லி வைத்திருந்தார்கள். பத்து நாளில் நிறம் இன்னும் ஆழமானது.

அப்போதுதான் தோழி சொன்ன ட்யூப் வந்தது. மெடிக்கல் ஷாப்பில் சீட்டு கேட்கவில்லை. மூன்றே வாரத்தில் முகம் பளிச். ஆபீஸில் எல்லாரும் கேட்டார்கள். ரேவதி நிறுத்தவில்லை. ஐந்தாவது மாதம் வெயிலில் போனால் முகம் எரிந்தது, மெல்லிய சிவப்பு நரம்புகள் தெரிந்தன, தாடையில் சின்னச் சின்னப் பருக்கள் வந்தன. அதோடு, மேல் உதட்டில் முன்பைவிட அதிகமாகப் பூனைமுடி. க்ரீமை நிறுத்திப் பார்த்தார். இரண்டே நாளில் முகம் நெருப்பாகச் சிவந்தது. பயந்துபோய் மறுபடி தடவினார், அடங்கியது. இப்போது நிறுத்தவும் முடியவில்லை, தொடரவும் முடியவில்லை.

ட்யூப்புக்குள் என்ன இருந்தது?

இந்தியாவில் மெடிக்கல் ஷாப்பில் சாதாரணமாகக் கிடைக்கும் 'முக க்ரீம்'களில் ஒரு வகை மூன்று மருந்துகளின் கலவை: ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், இரண்டோடும் சேர்த்து ஒரு ஸ்டீராய்டு. பெரும்பாலும் அது மொமெட்டசோன். இந்தக் கலவை மோசடி இல்லை. மங்குக்கு மருத்துவர்களே எழுதும் மருந்துதான். ஆனால் அதற்குக் கெடு உண்டு. இதே வகையில், வேறொரு ஸ்டீராய்டுடன் அமெரிக்காவில் 2002-ல் அனுமதி பெற்ற க்ரீமுக்கே எட்டு வாரம்தான் வரம்பு.

நம் ஊரில் அதை மாய்ஸ்சரைசர் மாதிரி மாதக்கணக்கில் தடவுகிறார்கள். ஸ்டீராய்டு முதலில் சிவப்பையும் நிறத்தையும் அடக்குவதால்தான் அந்த மூன்று வாரப் பளிச். பிறகு தோல் மெலிகிறது, ரத்தக் குழாய்கள் வெளியே தெரிகின்றன, பரு வருகிறது, தடவிய இடத்தில் முடி வளர்கிறது. நிழலைப் போக்க வாங்கிய ட்யூப்பே நிழலுக்குப் புதிய முடியைக் கொடுக்கிறது. இந்தப் பிரச்சினை நாட்டில் எவ்வளவு பரவலாக இருக்கிறதென்றால், இந்தியத் தோல் மருத்துவர்கள் இதற்கு 'ஸ்டீராய்டால் சேதமான முகம்' என்றே தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்ற பட்டியலில் சேர்த்தது. சட்டம் வந்தது. சில கடைகளில் பழக்கம் அப்படியே இருக்கிறது.

அதனால் ட்யூப்பைத் திருப்பிப் படியுங்கள். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், ஃப்ளூசினோலோன் என்று ஏதாவது ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. பெட்டியில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் அது சீட்டுக்கு மட்டும் விற்க வேண்டிய மருந்து. மருத்துவர் உங்களைப் பார்த்து எழுதிக் கொடுத்திருந்தால் பயப்பட வேண்டாம், அவர் சொன்ன நாள் வரை மட்டும் போடுங்கள்.

உட்பொருள் பட்டியலே இல்லாத, எங்கே தயாரானது என்றே தெரியாத 'ஒயிட்னிங்' க்ரீம் என்றால் வேறு ஆபத்து. பாதரசம். கேரளாவின் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில், சிறுநீரில் புரதம் போகும் ஒரு சிறுநீரகப் பாதிப்போடு வந்தவர்களில் பலர் இப்படிப்பட்ட சிவப்பழகு க்ரீம்களைப் பயன்படுத்தியிருந்ததை அங்குள்ள மருத்துவர்கள் 2023-ல் வெளிக்கொண்டு வந்தார்கள். உதட்டுக்கு மேல் தடவியது சிறுநீரகம் வரை போகும் என்று யாருக்குத் தோன்றும்? கால் வீக்கம், நுரைத்த சிறுநீர் இருந்தால் க்ரீம் பெட்டியையும் கையோடு மருத்துவரிடம் எடுத்துப் போங்கள்.

ரேவதி இப்போது என்ன செய்ய வேண்டும்?

மாதக்கணக்கில் தினமும் தடவிய ஸ்டீராய்டைத் திடீரென்று தனியாக நிறுத்தினால் அந்த நெருப்புச் சிவப்பு வரும். பலர் அதைத் தாங்க முடியாமல் பழைய ட்யூப்புக்கே திரும்புகிறார்கள். எனவே முதல் வேலை தோல் மருத்துவர். அவர் படிப்படியாகக் குறைக்கச் சொல்லலாம், அல்லது நிறுத்தச் சொல்லி எரிச்சலை அடக்க வேறு மருந்து தரலாம். பீன்யா தொழிற்சாலைகளில் வேலை செய்கிற, மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிற பெரும்பாலானவர்களுக்கு இஎஸ்ஐ அட்டை இருக்கும். அதை வைத்து ராஜாஜிநகர் இஎஸ்ஐ மருத்துவமனை வரை போகலாம். சிவாஜிநகர் பக்கம் பௌரிங் அரசு மருத்துவமனையிலும் தோல் பிரிவு இருக்கிறது.

முதல் ஒன்றிரண்டு மாதம் நிறத்தைத் துரத்தவே கூடாது. மென்மையான ஃபேஸ் வாஷ், வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர், சன்ஸ்க்ரீன், இவ்வளவுதான். ப்ளீச் இல்லை, ஸ்க்ரப் இல்லை, எலுமிச்சைச் சாறு இல்லவே இல்லை. எலுமிச்சை பட்ட தோலில் வெயில் அடித்தால் தீக்காயம் போலவே ஆகிக் கருக்கும். பாட்டி சொன்ன கஸ்தூரி மஞ்சளைப் பற்றி ஒரு வார்த்தை: முடியை வேரோடு நிறுத்தும் என்று நம்பி அழுத்தித் தேய்க்கிறோம், அந்தத் தேய்ப்புதான் இந்தத் தோலுக்கு ஆகாது.

சன்ஸ்க்ரீனில் ஒரு நுணுக்கம். மங்கைக் கருக்க வைப்பது புற ஊதாக் கதிர் மட்டும் இல்லை. கண்ணுக்குத் தெரிகிற சாதாரண வெளிச்சமும் நம் நிறத் தோலில் அதைச் செய்யும். அதைத் தடுப்பது இரும்பு ஆக்ஸைடு கலந்த, லேசாகத் தோல் நிறம் கொண்ட 'டின்டட்' சன்ஸ்க்ரீன். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீள அளவு எடுத்து, மேல் உதட்டையும் விட்டுவிடாமல் தடவ வேண்டும். வியர்வையைத் துடைக்கும்போதும், டீ குடித்து வாய் துடைக்கும்போதும் முதலில் அழிவது அந்த இடம்தான். மதிய சாப்பாட்டுக்குப் பிறகு அங்கே மட்டுமாவது மறுபடி போடுங்கள்.

எரிச்சல் முழுசாக அடங்கிய பிறகு, நிறத்துக்காக மருத்துவர்கள் அடிக்கடி தேர்ந்தெடுப்பது அஸெலாயிக் ஆசிட், 10 முதல் 20 சதவீதம். கர்ப்ப காலத்திலும் பாதுகாப்பானதாகக் கருதப்படும் சிலவற்றில் இதுவும் ஒன்று. முதல் சில நாள் லேசாக அரிக்கும், எரிந்தால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாம். மாற்றம் தெரியப் பெரும்பாலும் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். வாரா வாரம் கண்ணாடியில் பார்த்து ஏமாறாமல், அதே ஜன்னல் பக்கம் மாதம் ஒரு போட்டோ எடுத்து ஒப்பிடுங்கள். மூன்றே வாரத்தில் பளிச்சென்று மாறினால் சந்தோஷப்படாமல் லேபிளைப் படிப்பது நல்லது.

சரி, முடியை என்ன செய்வது?

ரேவதியைப் போல நிறமும் சேர்ந்திருப்பவர்களுக்குக் கொஞ்ச காலத்துக்கு நல்ல வழி, நிறையப் பேர் பயப்படுகிற ஒன்று: முகத்துக்கான சின்ன ரேஸர். "ஷேவ் பண்ணினா தாடி மாதிரி வளரும்டி" என்று அம்மா சொல்லியிருப்பார். வளராது. 1928-லேயே மில்ட்ரெட் ட்ராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறியல் ஆய்வாளர் இதைச் சோதித்து, ஷேவிங் முடியைத் தடிமனாக்குவதில்லை என்று காட்டிவிட்டார். வெட்டிய முனை மொட்டையாக இருப்பதால் கைக்குச் சொரசொரப்பாகப் படுகிறது, அவ்வளவுதான். ஈரமான தோலில், ஜெல்லோ மாய்ஸ்சரைசரோ தடவி, முடி வளரும் திசையிலேயே இழுங்கள். பிளேடை அடிக்கடி மாற்றுங்கள், யாரோடும் பகிராதீர்கள். முடி தடிமனாகவும் கருப்பாகவும் இருந்தால் வேரின் நிழல் கொஞ்சம் மிஞ்சும். பூனைமுடி என்றால் தெரியாது.

தோல் அமைதியாக இருப்பவர்களுக்கு த்ரெட்டிங் ஒன்றும் வில்லன் இல்லை. வேர் போவதால் நிழலும் சில வாரம் போகும். பார்லரில் புது நூல் கேளுங்கள். பல்லில் நூலைக் கடிக்காமல் செய்பவர் என்றால் இன்னும் நல்லது. அன்றைக்கே ஃபேஷியலும் ப்ளீச்சும் சேர்த்துக்கொள்ளாதீர்கள். வேக்ஸிங்கில் ஓர் எச்சரிக்கை: பருவுக்கு அடாபலீனோ ட்ரெட்டினாயினோ தடவுகிறவர்களுக்கு வேக்ஸ், முடியோடு தோலின் மேல் அடுக்கையும் சேர்த்து உரித்துவிடும்.

லேசர் பற்றித்தான் அதிக விளம்பரம், அதிக ஏமாற்றமும். லேசர் முடியின் கருப்பு நிறத்தைக் குறிவைத்து வேரைச் சுடுகிறது. தோலிலும் கருப்பு இருந்தால் அங்கேயும் கொஞ்சம் சூடு போகும். அதனால் நம் நிறத்துக்குப் பாதுகாப்பானது நீளமான அலை, அதாவது 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர். 800 நானோமீட்டரை ஒட்டிய டயோடும் சரியான அளவில் பயன்படும். "எந்த மெஷின், என் தோலில் முதலில் ஒரு இடத்தில் சோதித்துப் பார்ப்பீர்களா, யார் கையில் பிடிப்பார்கள்?" என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் எழுந்து வந்துவிடலாம். முகத்துக்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் ஆறு முதல் எட்டு முறை தேவைப்படும். அதற்கு முந்தைய நான்கு வாரம் த்ரெட்டிங், வேக்ஸிங் கூடாது, சுட வேண்டிய வேர் உள்ளே இருக்க வேண்டும். ரேஸர் போடலாம்.

விளம்பரத்தில் வராத விஷயம் இதுதான்: மெல்லிய பூனைமுடிக்கு லேசர் சரியாக வேலை செய்யாது. சில நேரம் தலைகீழாகி, அந்தப் பூனைமுடியே தடித்துக் கருப்பாக வளரும். நம்மைப் போன்ற நிறமுள்ள தோலில், அதுவும் முகத்தில், ஹார்மோன் பிரச்சினை உள்ள பெண்களுக்கு இந்த வாய்ப்பு அதிகம். எனவே கண்ணாடியில் நெருங்கிப் பார்த்தால் மட்டும் தெரிகிற முடிக்கு லேசர் பேக்கேஜ் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தடித்த கருப்பு முடி என்றால் யோசிக்கலாம். அதுவும் 'குறைப்பு'தான், நிரந்தர நீக்கம் இல்லை. ஒவ்வொரு வேராக ஊசி வைத்து மின்சாரத்தால் அழிக்கும் எலெக்ட்ராலிசிஸ்தான் நிரந்தரம் என்று சொல்லத்தக்கது. பொறுமை வேண்டும், நம் தோலில் ஊசிப் புள்ளிகள் கருக்கும் அபாயமும் உண்டு.

இன்னொரு வழி எஃப்ளோர்னிதின் க்ரீம், மருத்துவர் சீட்டோடு. இது முடியை எடுக்காது, வளர்வதை மெதுவாக்கும். எட்டு மணி நேர இடைவெளி விட்டு நாளுக்கு இரண்டு முறை. பலன் தெரிய ஒன்றிரண்டு மாதம், நிறுத்தினால் அதே அளவு காலத்தில் பழைய நிலை. கர்ப்பமாக இருப்பவர்கள், அதற்கு முயல்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இதெல்லாம் பூனைமுடிக்கும் சுமாரான முடிக்கும். மேல் உதட்டோடு தாடை, மார்பு, தொப்புள் கீழேயும் தடித்த முடி, கூடவே மாதவிடாய் தள்ளிப்போவது, விடாத பரு என்றிருந்தால் பார்லருக்கு முன் மகப்பேறு மருத்துவரோ ஹார்மோன் மருத்துவரோ பார்க்க வேண்டும். பெரும்பாலும் அது பிசிஓஎஸ். டெஸ்டோஸ்டிரோன் அளவு உட்பட சில ரத்தப் பரிசோதனைகள் எழுதுவார்கள். சில மாதத்துக்குள் திடீரென்று முடி வேகமாக வளர்ந்து, குரலும் தடித்தால் காத்திருக்கவே வேண்டாம். அபூர்வமாக அது கட்டியின் அறிகுறியாக இருக்கலாம்.

நாளைக்கு காலை மீட்டிங்: கன்சீலர்

சிகிச்சைக்கு மாதங்கள் ஆகும், க்ளையன்ட் கால் நாளைக்கே இருக்கும். இங்கே எல்லாரும் செய்யும் தப்பு, தோலைவிட ஒரு ஷேட் வெளுப்பான கன்சீலரை நேரடியாக அப்புவது. அடியில் இருக்கும் சாம்பல் நிறத்தோடு கலந்து அது திருநீறு பூசின மாதிரி தெரியும்.

நிழலைக் கொல்வது வெளுப்பு இல்லை, எதிர் நிறம். முடி வேரின் நீலச் சாம்பலுக்கு எதிர் நிறம் ஆரஞ்சு. மாநிறத்துக்குப் பீச், ஆழ்ந்த நிறத்துக்கு நல்ல ஆரஞ்சு கரெக்டர். மங்கின் பழுப்புக்கும் பீச் கைகொடுக்கும், ஆனால் இன்னும் குறைவாக. மாய்ஸ்சரைசர், டின்டட் சன்ஸ்க்ரீன் போட்டு ஐந்து நிமிஷம் விடுங்கள். பிறகு கடுகளவு கரெக்டரை நிழல் இருக்கும் இடத்தில் மட்டும் விரல் நுனியால் தட்டுங்கள், தேய்க்காதீர்கள். அதன் மேல் உங்கள் தோல் நிறத்துக்கே பொருந்தும் கன்சீலர், மெல்லிசாக. பகல் வெளிச்சத்தில் தாடையோரம் தடவிப் பார்த்து, காணாமல் போகும் ஷேட்தான் உங்களுடையது. கடையின் மஞ்சள் விளக்கை நம்பாதீர்கள்.

பவுடரில் மட்டும் கஞ்சத்தனம் காட்டுங்கள். பூனைமுடி இருக்கும் இடத்தில் பவுடர் ஒவ்வொரு முடியிலும் ஒட்டி, மறைக்க வந்தது விளம்பரமாகிவிடும். அப்படிப்பட்டவர்கள் முந்தின நாள் ரேஸர் போட்டுவிட்டால் கன்சீலர் சமமாக உட்காரும். வீடியோ கால் என்றால் தலைக்கு மேல் உள்ள விளக்கை அணைத்து, ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள். மேலிருந்து விழும் வெளிச்சத்தில் மூக்கின் நிழலும் உதட்டின் மேல்தான் விழுகிறது, அதற்கு எந்தக் க்ரீமும் இல்லை.

ராத்திரி வந்ததும் எண்ணெய் பதம் உள்ள க்ளென்ஸரை அரை நிமிஷம் ஊற விட்டுக் கழுவுங்கள். டவலால் அழுத்தித் துடைத்தால், அந்தத் தேய்ப்பே அடுத்த மாதம் மறைக்க வேண்டிய கருப்பாக வந்து நிற்கும்.